வரி ஆஃபீஸ் நோட்டீஸ் மெயிலுக்கு ஒரே ரிமைண்டர் லிஸ்ட்: இன்பாக்ஸா, காலண்டரா, டாஸ்க் ஆப்பா, ஷீட்டா?

வரி ஆஃபீஸ்லேர்ந்தோ வேற அரசு துறையிலேர்ந்தோ நோட்டீஸ் மெயில் வந்தா, இத்தனை நாளுக்குள்ள பதில் போடணும்னு ஒரு கெடு அதுக்குள்ள இருக்கும். ஒண்ணு ரெண்டுன்னா ஞாபகத்துலயே சமாளிச்சிடலாம், ஆனா சொந்த வரி, பிசினஸ் வரி, வீட்டுல பெரியவங்க கணக்கு, லைசென்ஸ் புதுப்பிக்கிறதுன்னு நாலு பக்கத்துலேர்ந்தும் வர ஆரம்பிச்சா எல்லாத்தையும் ஒரே லிஸ்ட்ல கொண்டு வந்தே ஆகணும். அந்த லிஸ்ட்ட எங்க வெக்கிறதுன்றதுதான் கேள்வி. இன்பாக்ஸ்லயே ஸ்டார், ஸ்னூஸ் போட்டு வெக்கலாம், காலண்டர்ல போடலாம், டாஸ்க் ஆப்ல போடலாம், இல்ல ஒரு ஷீட் போட்டு நடத்தலாம்.

எது நல்லதுன்னு பாக்குறதுக்கு முன்னாடி இந்த மெயில்ல என்ன இருக்கு, என்ன இல்லன்னு பாத்துடணும், ஏன்னா முடிவு அதுலதான் இருக்கு. பெரும்பாலும் மெயில்ல கெடு தேதியே இருக்காது. "உங்க கணக்குல ஒரு நோட்டீஸ் வெளியிடப்பட்டிருக்கு, போர்ட்டல்ல லாகின் பண்ணி பாருங்க"ன்னு ரெண்டு வரி இருக்கும், அவ்ளோதான். விஷயம் போர்ட்டல்ல இருக்கிற பிடிஎஃப்ல இருக்கும், அதுலயும் நிறைய தடவ தேதியா போடாம "இந்த நோட்டீஸ் கிடைச்ச 30 நாளுக்குள்ள"ன்னுதான் எழுதியிருப்பாங்க. அந்த 30 நாள எந்த நாள்லேர்ந்து எண்றதுன்றது அந்தந்த ஊர் சட்டத்தையும் நோட்டீஸ் வகையையும் பொறுத்தது. நோட்டீஸ்ல போட்ட தேதியா இருக்கலாம், மெயில் அனுப்புன தேதியா இருக்கலாம், போர்ட்டல்ல ஏத்துன தேதியா இருக்கலாம். அதனால மெயில பாத்து தானா ரிமைண்டர் போட்டுக்கிற எந்த வசதிய வெச்சாலும் மெயில் வந்துச்சுன்ற தகவல்தான் லிஸ்ட்டுக்கு வரும், கெடு வராது. கெடுவ யாராவது ஒருத்தர் பிடிஎஃப்ப திறந்து படிச்சு கையாலதான் போடணும். அந்த ஒருத்தர் படிக்கிற வரைக்கும் இருக்கிற இடைவெளியிலதான் நோட்டீஸ் தொலையும்.

முதல்ல இன்பாக்ஸ். இதுக்கு புதுசா எதுவும் பண்ண வேணாம்றதுதான் இதோட பலம். ஸ்டார் போடலாம், லேபிள் போடலாம், பத்து நாள் கழிச்சு மேல வரட்டும்னு ஸ்னூஸ் பண்ணலாம். ஆனா ஸ்னூஸ்ல ஒரே ஒரு தேதிதான் போட முடியும், அது எனக்கு திரும்ப காட்டுன்ற தேதியே தவிர கெடு தேதி இல்ல, திரும்ப மேல வரும்போது இன்னும் எத்தன நாள் பாக்கின்னு அதுல இருக்காது, மறுபடி பிடிஎஃப் திறந்து எண்ணணும். இதவிட மோசமான சிக்கல் ஒண்ணு ஜிமெயில்ல இருக்கு. ஒரே அனுப்புநர்கிட்டேர்ந்து ஒரே சப்ஜெக்ட்ல கொஞ்ச நாள் இடைவெளியில வர்ற மெயில்கள அது ஒரே கான்வர்சேஷனா சேர்த்துடும். வரி ஆஃபீஸ் மெயில் எல்லாத்துக்கும் சப்ஜெக்ட் அச்சு போட்ட மாதிரி ஒண்ணாத்தான் இருக்கும். போன வருஷ கணக்குக்கு திங்கக்கிழம ஒரு நோட்டீஸ், அதுக்கு முந்துன வருஷத்துக்கு வியாழக்கிழம ஒண்ணுன்னு வந்தா ரெண்டும் ஒரே வரியில உக்காந்திருக்கும், பக்கத்துல சின்னதா 2ன்னு மட்டும் இருக்கும். முதல் நோட்டீஸுக்கு பதில் போட்டுட்டு ஆர்க்கைவ் பண்ணா ரெண்டாவதும் கூடவே போயிடும். `Settings`ல `Conversation view`வ நிறுத்தி வெச்சா இது சரியாகும், ஆனா அத நிறுத்துனா மத்த மெயில் எல்லாமும் தனித்தனியா சிதறும்ன்றதால யாரும் ரொம்ப நாள் அப்படி வெச்சிருக்க மாட்டாங்க. என் முடிவு, இன்பாக்ஸ் நோட்டீஸ் வந்து சேர்ற வாசலா மட்டும் இருக்கட்டும், லிஸ்ட்டா வேணாம்.

அடுத்தது காலண்டர். சத்தம் போட்டு எழுப்புறதுல இத அடிச்சுக்க ஆளில்ல. கூகிள் காலண்டர்ல ஒரு நிகழ்வுக்கு 5 நோட்டிஃபிகேஷன் வரைக்கும் வெக்கலாம், அதிகபட்சம் 4 வாரத்துக்கு முன்னாடியே அடிக்கிற மாதிரி போடலாம், வீட்டுல இருக்கிறவங்களுக்கும் கணக்குப் பாக்குறவருக்கும் ஷேர் பண்ணலாம். குறை என்னன்னா தேதி தாண்டுனா காலண்டருக்கு அது முடிஞ்சு போன நிகழ்வு. பதில் போட்டீங்களா இல்லையான்னு அதுக்கு கவலையில்ல, அந்த கட்டம் நேத்தைக்கு நகர்ந்துடும், நாளைக்கு காலையில திறந்தா சுத்தமா இருக்கும். கெடு தாண்டின நோட்டீஸ்தான் உடனே கவனிக்க வேண்டியது, தாமதத்துக்கு காரணம் சொல்லி மனு போட வழி இருக்கான்னு அன்னைக்கே பாக்கணும், அதப்போய் கண்ணுலேர்ந்து மறைக்கிற இடத்துல வெச்சா எப்படி?

இன்னொரு சின்ன விஷயம், கெடுவ நேரத்தோட போடாம முழுநாள் நிகழ்வா போடுங்க. நேரம் வெச்சு போட்டா வேற நாட்டுக்கு பயணம் போகும்போது டைம்ஜோன் மாறி முந்துன நாளுக்கோ அடுத்த நாளுக்கோ நகர்ந்து காட்டலாம். போர்ட்டல் அதோட ஊர் நேரப்படிதான் மூடும், உங்க போன் காட்டுற நேரப்படி இல்ல.

டாஸ்க் ஆப் இந்த விஷயத்துல காலண்டருக்கு நேர் எதிர். டிக் அடிக்கிற வரைக்கும் போகாது, கெடு தாண்டுனா சிவப்பாகி மேலயே நிக்கும், அதனால தனி ஆளுக்கு இது நல்லாவே ஒத்து வரும். பெரும்பாலான ஆப்ல மெயிலையே டாஸ்க்கா மாத்துற பட்டனும் இருக்கு. இதுல பிரச்சனை அந்த டிக்லதான். நோட்டீஸ் வேலை ஒரே டிக்ல முடியுறது கிடையாது. படிச்சாச்சு, ஆவணம் கேட்டிருக்கோம், அவகாசம் கேட்டு மனு போட்டிருக்கோம், பதில் ஏத்தியாச்சு, ஒப்புகை எண் வந்துடுச்சு, அதிகாரி இன்னும் விளக்கம் கேட்டிருக்காரு, கடைசியா ஆர்டர் வந்துச்சுன்னு ஒரே ரெஃபரன்ஸ் நம்பர் மாசக்கணக்கா உயிரோட இருக்கும். பதில் போட்ட சந்தோஷத்துல டிக் அடிச்சிட்டா டாஸ்க் கீழ போய் ஒளிஞ்சுக்கும், மூணு வாரம் கழிச்சு கூடுதல் விளக்கம் கேட்டு மெயில் வந்தா அது புது டாஸ்க்கா பொறக்கும், பழசுல என்ன சொன்னோம்னு தொடர்பே இருக்காது. முதல் பதில்ல ஒரு தொகைய சொல்லிட்டு ரெண்டாவதுல வேற தொகைய சொன்னா அதுவே அடுத்த நோட்டீஸுக்கு அஸ்திவாரம். சப்டாஸ்க் போட்டு சமாளிக்கலாம்தான், ஆனா வருஷத்துக்கு அஞ்சாறு நோட்டீஸ் வர்ற இடத்துல அது சீக்கிரமே குழம்பிடும்.

ஷீட் இதுல எதுவும் அழகா பண்ணாது. போன்ல திறந்தா சின்னதா இருக்கும், தானா சத்தம் போடாது, பழகுற வரைக்கும் சோம்பேறித்தனமா இருக்கும். ஆனா மத்த மூணும் பண்ணாத ஒண்ண இது பண்ணும், அதனாலதான் நான் ஷீட் பக்கம் நிக்கிறேன். கெடுவ மட்டும் இல்லாம, அந்த கெடு எப்படி வந்துச்சுன்ற கணக்கையும் சேர்த்து வெச்சுக்கும். எந்த தேதியிலேர்ந்து எண்ணோம், எத்தன நாள், பிடிஎஃப்ல என்ன வாசகம் இருந்துச்சுன்னு எழுதி வெச்சா, ஆறு வாரம் கழிச்சு வேற ஒருத்தர் பாத்தாலும் அந்த தேதி சரியா தப்பான்னு சோதிக்கலாம். காலண்டர்லயோ டாஸ்க் ஆப்லயோ ஜூலை 3ன்னு ஒரு தேதி மட்டும் நிக்கும், அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு போட்டவருக்கே மறந்திருக்கும்.

ஒரு நோட்டீஸ வெச்சே பாக்கலாம். ஜூன் 5 வெள்ளிக்கிழமைன்னு தேதி போட்ட நோட்டீஸ், மெயில் வந்தது ஜூன் 6 சனிக்கிழம ராத்திரி, நீங்க மெயில பாத்து போர்ட்டல திறந்தது ஜூன் 9 செவ்வாய்க்கிழம. பிடிஎஃப்ல "கிடைத்த 30 நாட்களுக்குள்"ன்னு இருக்கு. நோட்டீஸ் தேதியிலேர்ந்து எண்ணா ஜூலை 5, அது ஞாயித்துக்கிழம. மெயில் வந்த நாள்லேர்ந்து எண்ணா ஜூலை 6. நீங்க திறந்த நாள்லேர்ந்து எண்ணா ஜூலை 9. முதல் நாளையும் சேர்த்து எண்ற வழக்கம் இருந்தா எல்லாத்துலயும் ஒரு நாள் குறையும். அதே நோட்டீஸ்ல 15 வேலை நாள்னு இருந்திருந்தா நடுவுல அரசு விடுமுறை எதுவும் இல்லன்னா ஜூன் 26, ரெண்டு விடுமுறை வந்தா ஜூன் 30. இப்படி எண்ற விதத்துலயே நாள் தள்ளிப் போகுது. எந்த விதி பொருந்தும்னு உறுதியா தெரியலன்னா எல்லாத்துலயும் முன்னாடி வர்ற தேதிய எடுத்துக்கோங்க, அது லீவு நாளா இருந்தா அதுக்கு முந்துன வேலை நாள். இங்க முதல் நாளையும் சேர்த்து எண்ணா ஜூலை 4 சனி, அதனால ஜூலை 3 வெள்ளி. கடைசி நாள் விடுமுறையா இருந்தா அடுத்த வேலை நாள் வரைக்கும் விடுற சட்டம் சில இடத்துல உண்டு, ஆனா அத நம்பி திட்டம் போடாதீங்க, பிரச்சனைன்னு வந்தா அப்போ வாதத்துக்கு வெச்சுக்கலாம்.

ஷீட்ல நான் வெக்கச் சொல்ற காலம்கள் இது: A-ல எந்த ஆஃபீஸ், B-ல ரெஃபரன்ஸ் நம்பர், C-ல மெயில் வந்த தேதி, D-ல எண்ண ஆரம்பிக்கிற தேதி, E-ல பிடிஎஃப்ல இருக்கிற வாசகம் அப்படியே, F-ல எத்தன நாள், G-ல கெடு, H-ல நாம முடிக்கணும்னு வெச்சுக்கிற நாள், I-ல நிலை, J-ல ஒப்புகை எண். G-க்கு இந்த ஃபார்முலா:

```
=IF(D2="", C2+3, D2+F2)
```

முதல் பாதிதான் இதுல முக்கியம். பிடிஎஃப்ப இன்னும் யாரும் படிக்கல, D காலியா இருக்குன்னா மெயில் வந்த மூணாவது நாளையே கெடுவா காட்டும். இது இல்லாம G-ய காலியா விட்டா, தேதிவாரியா வரிசைப்படுத்தும்போது காலி வரிசை எல்லாம் அடியில போய் உக்காந்துக்கும், ஷீட்டோட குணம் அது. இன்னும் படிக்காத நோட்டீஸ்தான் இருக்குறதுலயே ஆபத்தானது, அது லிஸ்ட்டுக்கு அடியில கிடக்கக்கூடாது. மூணு நாள் கெடு கொடுத்தா அதுவே மேல வந்து "என்ன திற"ன்னு நிக்கும்.

வேலை நாள் கணக்கு வர்ற நோட்டீஸுக்கு மட்டும் அந்த வரிசையில ஃபார்முலாவ இப்படி மாத்திக்கோங்க, `Holidays`ன்னு தனி ஷீட்ல அரசு விடுமுறை தேதிகள போட்டு வெக்கணும்:

```
=IF(D2="", C2+3, WORKDAY(D2, F2, Holidays!A2:A40))
```

`WORKDAY` சனி ஞாயிற விட்டுட்டு, ஆரம்ப தேதிக்கு அடுத்த நாள்லேர்ந்து எண்ணும். வெள்ளி சனி வார விடுமுறையா இருக்கிற இடம்னா `WORKDAY.INTL` போட்டு நாள் எண்ணிக்கைக்கு அடுத்து 7ன்னு குடுக்கணும், ஞாயிறு மட்டும் லீவுன்னா 11.

H-ல போடுற நம்ம நாள் கெடுவுக்கு ஒரு நாள் முன்னாடின்னு வெக்காதீங்க. போர்ட்டல் கடைசி ரெண்டு நாள்ல தொங்குறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை, அதோட ஃபைல் சைஸ் அதிகம்னு பிடிஎஃப்ப திருப்பி அனுப்பும், டிஜிட்டல் கையெழுத்து காலாவதி ஆயிருக்கும், பேங்க்லேர்ந்து ஸ்டேட்மென்ட் வர நாலு நாள் ஆகும். 30 நாள் நோட்டீஸுக்கு ஒரு வாரம் முன்னாடின்னு வெச்சா இதுக்கெல்லாம் இடம் கிடைக்கும். அவகாசம் கேக்குறதா இருந்தாலும் அந்த நாளுக்குள்ள கேட்டுடணும், கெடு முடிஞ்சப்புறம் கேட்டா நிறைய இடத்துல அந்த பட்டனே போர்ட்டல்ல இருக்காது. அவகாசம் கிடைச்சா D-யையும் F-ஐயும் அழிச்சு எழுதாம கீழ புது வரிசை போட்டு அதே ரெஃபரன்ஸ் நம்பர எழுதுங்க, பழைய வரிசையோட நிலையில "அவகாசம் கிடைச்சது"ன்னு போடுங்க. பின்னாடி யாராவது கேட்டா முதல் கெடு என்ன, எப்போ நீட்டுனாங்கன்னு ரெண்டும் கையில இருக்கும்.

இப்போ சத்தம் போடாத குறைக்கு வருவோம். கூகிள் ஷீட்டா இருந்தா, லிஸ்ட் இருக்கிற டேபுக்கு `List`ன்னு பேர் வெச்சு, `Extensions`ல `Apps Script` திறந்து இந்த சின்ன ஸ்கிரிப்ட்ட போட்டு, அதுல மெயில் முகவரிய உங்களோடதா மாத்தி, `Triggers`ல தினமும் காலையில ஓடுற மாதிரி வெச்சா போதும்:

```
function morningMail() {
  const rows = SpreadsheetApp.getActive()
    .getSheetByName('List').getDataRange().getValues().slice(1);
  const soon = rows.filter(r => r[6] instanceof Date
    && !['முடிஞ்சது', 'அவகாசம் கிடைச்சது'].includes(r[8])
    && (r[6] - new Date()) / 864e5 <= 10);
  MailApp.sendEmail('you@example.com', 'நோட்டீஸ்: ' + soon.length,
    soon.map(r => r[0] + ' | ' + r[1] + ' | ' + r[6].toDateString())
      .join('\n') || '-');
}
```

கெடுவுக்கு 10 நாளோ அதுக்கும் கம்மியாவோ இருக்கிறதும், கெடு தாண்டுனதும், நிலை "முடிஞ்சது"ன்னோ "அவகாசம் கிடைச்சது"ன்னோ ஆகுற வரைக்கும் தினமும் காலையில மெயிலா வரும். அனுப்ப எதுவும் இல்லன்னாலும் "நோட்டீஸ்: 0"ன்னு ஒரு மெயில் வரும், அது வேணும்னேதான் அப்படி வெச்சது. எதுவும் இல்லாதப்ப மெயிலே வராதுன்னு வெச்சா, ஸ்கிரிப்ட் உடைஞ்சு நின்னாலும் அமைதியாதான் இருக்கும், ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. காலையில 0ன்னு கூட வரலன்னா எங்கயோ கோளாறுன்னு அன்னைக்கே தெரிஞ்சிடும். ஷீட்டோட டைம்ஜோனும் ஸ்கிரிப்ட்டோட டைம்ஜோனும் ஒண்ணா இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க, இல்லன்னா மெயில்ல தேதி ஒரு நாள் தள்ளி காட்டும். ஸ்கிரிப்ட்லாம் வேணாம்னு நெனச்சா H-ல இருக்கிற நாளையும் G-ல இருக்கிற நாளையும் மட்டும் காலண்டர்ல முழுநாள் நிகழ்வா போட்டுடுங்க, தலைப்புல ரெஃபரன்ஸ் நம்பர் இருக்கட்டும். அப்போ காலண்டர் மணி மட்டும் அடிக்கும், லிஸ்ட் ஷீட்லயே இருக்கும். தேதி மாறுனா முதல்ல ஷீட்ட மாத்திட்டு அப்புறம் காலண்டர மாத்துறதுன்னு ஒரே ஒழுங்க வெச்சுக்கணும், ரெண்டுலயும் தனித்தனியா திருத்த ஆரம்பிச்சா எது உண்மைன்னு தெரியாம போயிடும்.

மெயில் ஷீட்டுக்கு வர்ற பாதையும் ஒழுங்கா இருக்கணும். அந்த ஆஃபீஸோட டொமைனுக்கு ஒரு ஃபில்டர் போட்டு லேபிள் வெச்சு, `Never send it to Spam` டிக் பண்ணுங்க, ஸ்பேம்ல விழுந்தா ஜிமெயில் 30 நாள்ல தானா அழிச்சிடும், நிறைய நோட்டீஸோட கெடுவும் அதே 30 நாள்தான். ஆனா அந்த டிக்குக்கு ஒரு விலை உண்டு, அந்த டொமைன் பேர்ல போலியா யாராவது அனுப்புனாலும் அதுவும் இன்பாக்ஸுக்கு வந்துடலாம். அதனால மெயில்ல இருக்கிற லிங்க்க க்ளிக் பண்ணாம, போர்ட்டல் முகவரிய நீங்களே டைப் பண்ணி உள்ள போய் அந்த ரெஃபரன்ஸ் நம்பர் அங்க இருக்கான்னு பாருங்க. போர்ட்டல்ல இல்லாத நம்பர ஷீட்ல ஏத்தாதீங்க. உடனே பணம் கட்டுன்னு லிங்க் குடுத்து, போர்ட்டல்ல சத்தமே இல்லன்னா அது போலிதான்னு வெச்சுக்கிட்டு, சந்தேகம் தீரலன்னா ஆஃபீஸோட அதிகாரப்பூர்வ நம்பர்ல கேட்டுடுங்க.

யாருக்கு எதுன்னா, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு நோட்டீஸ் வர்றவருக்கு ஷீட் தேவையில்ல, டாஸ்க் ஆப்ல ஒரு டாஸ்க் போட்டு, நோட்ஸ்ல எண்ண ஆரம்பிச்ச தேதியையும் வாசகத்தையும் எழுதி, ஆர்டர் வர்ற வரைக்கும் டிக் அடிக்காம வெச்சிருந்தாலே போதும். ஒண்ணுக்கு மேல வரிப் பதிவு இருக்கிறவங்க, வீட்டுல நாலு பேர் கணக்க ஒருத்தரே பாக்குறவங்க, கணக்காளரோட சேர்ந்து வேலை பாக்குறவங்க எல்லாரும் ஷீட்டுக்கு வந்துடுறது நல்லது. கணக்காளர் தன்கிட்ட தனி லிஸ்ட் வெச்சிருப்பாரு, இருக்கட்டும், ஆனா கெடு தாண்டுனா அபராதம் வர்றது உங்க பேருக்கு, அதனால லிஸ்ட் உங்க கையில இருக்கணும், அவருக்கு எடிட் உரிமை குடுத்துக்கலாம்.

ஷீட் போடுற அன்னைக்கு பழசு எதுவும் விட்டுப்போகாம இருக்க ஜிமெயில் தேடல்ல இத போடுங்க, டொமைன் பேர மட்டும் மாத்திக்கணும்:

```
in:anywhere from:taxoffice.example newer_than:1y
```

`in:anywhere` போட்டா ஸ்பேமும் குப்பைத்தொட்டியும் சேர்ந்து வரும். வர்ற மெயில் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரிசை போட்டுட்டு, அப்புறம் போர்ட்டல்ல நோட்டீஸ் பக்கத்த திறந்து ரெண்டையும் ஒத்துப் பாருங்க. போர்ட்டல்ல இருந்து மெயில்ல இல்லாத நோட்டீஸ் ஒண்ணு இருந்தாலும், அந்த பதிவுல வேற யாரோட மெயில் முகவரியோ இருக்கலாம், பழைய கணக்காளரோடதாவோ வேலையவிட்டு போனவரோடதாவோ இருக்கலாம், போர்ட்டல் ப்ரொஃபைல்ல பாத்து, அப்படி இருந்தா அத அன்னைக்கே மாத்துங்க. இந்த ஒத்துப் பாக்குற வேலைய மாசத்துக்கு ஒரு தடவ பண்றதுக்கும் ஷீட்லயே ஒரு வரிசை போட்டு வெச்சிடலாம், ஆஃபீஸ் காலம்ல "போர்ட்டல் சரிபார்ப்பு", C-லயும் D-லயும் இன்னைக்கு தேதி, F-ல 30.